போகிக்கு முன் வீடு முழுவதும் டீப் கிளீனிங்

2026 ஜனவரி 14 அன்று போகி. வெள்ளையடிக்கும் வழக்கம் பல வீடுகளில் குறைந்துவிட்டாலும், பரண்மேல் ஏறி ஒட்டடை அடித்து, அடுக்களையின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுக்கும் வேலை மட்டும் குறையவே இல்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பகுதிகளில் உள்ள வீடுகளுக்கு அந்த வேலையை எங்கள் குழு ஒரே நாளில் முடித்துத் தருகிறது.

கட்டணம்:
ஒரு படுக்கையறை வீடு: ரூ.3,200 (2 பேர், சுமார் 5 மணி நேரம்)
இரண்டு படுக்கையறை வீடு: ரூ.4,500 (3 பேர், சுமார் 6 மணி நேரம்)
மூன்று படுக்கையறை வீடு: ரூ.6,000 (4 பேர், சுமார் 7 மணி நேரம்)
மாடியுடன் கூடிய தனி வீடு, 2,000 சதுர அடி வரை: ரூ.8,500 (5 பேர், முழு நாள்)

ஆள் கூலி, பொருள்கள், போக்குவரத்து அனைத்தும் இதில் அடங்கும். துடைப்பம் முதல் ஏணி வரை, வேக்குவம் கிளீனர், தரை தேய்க்கும் இயந்திரம், பிசுக்கு நீக்கும் திரவம், உப்புக்கறை நீக்கி, மைக்ரோஃபைபர் துணிகள், குப்பைப் பைகள் என எல்லாவற்றையும் நாங்களே கொண்டுவருகிறோம். நீங்கள் தண்ணீரும் மின்சாரமும் தந்தால் போதும். குளியலறைக்குப் பயன்படுத்திய துணி உங்கள் அடுக்களைக்குள் வராது, இரண்டுக்கும் தனித்தனி நிறத்தில் துணிகள் வைத்திருக்கிறோம்.

மின்விசிறி, ஜன்னல் கம்பிகள், கொசுவலை, புகைபோக்கியின் வெளிப்புறமும் வடிகட்டியும், அலமாரிகளின் உட்புறம், பரண், பால்கனி ஆகியவை எல்லாத் தொகுப்புகளிலும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரால் குழாய்களிலும் ஷவரிலும் படிந்த உப்புக்கறைதான் அதிக நேரம் பிடிக்கும் வேலை என்பதால், குளியலறை ஒவ்வொன்றுக்கும் ஒருவரைத் தனியாக நிறுத்துகிறோம். கறை சீக்கிரம் போக வேண்டும் என்று ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. மொசைக், பளிங்குத் தரைகளில் உள்ள சுண்ணாம்பை ஆசிட் அரித்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் நச்சு வாயு வெளிவரும். ஆகவே யார் கேட்டாலும் நாங்கள் ஆசிட் பயன்படுத்துவதில்லை. பல ஆண்டுப் பழைய கறை முழுமையாகப் போகாது என்று தோன்றினால், அதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம்.

பூஜை அறையின் சுவர், தரை, அலமாரி ஆகியவற்றை மட்டும் சுத்தம் செய்வோம். படங்களையும் விக்கிரகங்களையும் வீட்டார் எடுத்து வைத்துக்கொள்வதே முறை. விலையுயர்ந்த நகைகளையும் ஆவணங்களையும் முந்தைய இரவே பூட்டி வைத்துவிடுங்கள்.

கழித்துப் போடும் பழைய பொருள்களைத் தரம் பிரித்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம், அவற்றைத் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்கலாம். பிளாஸ்டிக்கையும் டயரையும் போகித் தீயில் போட வேண்டாமே.

சோபா, மெத்தை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம்: மூன்று இருக்கை சோபா ரூ.900, இரட்டை மெத்தை ரூ.800. குளிர்காலத்தில் இவை காய ஒரு நாள் ஆகலாம் என்பதால், ஜனவரி 10ஆம் தேதிக்குள் இவற்றைச் செய்துகொள்வது நல்லது.

எங்கள் கடைசி வேலை நாள் ஜனவரி 13. ஜனவரி 4, 11 ஆகிய ஞாயிற்றுக்கிழமைகள் முதலில் நிரம்பிவிடும். உங்கள் பகுதி, வீட்டின் அளவு, குளியலறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் அடுக்களையின் படம் ஒன்றையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள், ரூ.500 முன்பணம் செலுத்தியதும் நாள் உறுதியாகும், மீதியை வேலையைச் சுற்றிப் பார்த்த பிறகு தரலாம்.

#போகி #பொங்கல்2026 #வீட்டுச்சுத்தம் #வேளச்சேரி