தமிழ்ப் பாட்டு துக்கடா ஆன கதை: குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியல்

தாள்: தென்னிந்திய இசை வரலாறு, முதுகலை இரண்டாம் ஆண்டு

சுருக்கமும் மதிப்பீடும் எப்படி எழுதுவது என்று ஆண்டுதோறும் மாணவர்கள் கேட்கிறார்கள். அதனால் நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்காகத் தயாரித்த பட்டியலையே மாதிரியாகத் தருகிறேன். என் கேள்வி இது: 1900க்கும் 1943க்கும் இடையில் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடும் துக்கடாவாக ஒதுங்கியது எப்படி? படித்த வரிசையிலேயே ஆதாரங்களை அடுக்கியிருக்கிறேன்.

சுப்பராம தீட்சிதர். சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி. எட்டயபுரம், 1904. (தெலுங்கு, பயன்படுத்தியது மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு.)

முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் இருநூற்றுக்கும் மேல் சுரக்குறிப்போடு இதில் இருக்கின்றன. ராகங்கள் வேங்கடமகியின் மேள வரிசைப்படி அமைந்துள்ளன. கமகங்களுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. முன்பகுதியில் வாக்கேயக்காரர்களின் வாழ்க்கைச் சுருக்கமும் வருகிறது. எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் அச்சான நூல்.

குருகுல வழியில் வாய்மொழியாக வந்ததை அச்சில் ஏற்றியவர் அந்தக் குடும்பத்துக்குள்ளிருந்தே வந்தவர் என்பது இதன் பலம். என் கேள்விக்கு அதுவே எல்லையும்கூட. தீட்சிதர் பரம்பரை எதைக் காக்க வேண்டும் என்று நினைத்ததோ அது இதில் இருக்கிறது. 1904இல் தெருக்கோடி நாடகக் கொட்டகையில் என்ன பாடினார்கள் என்று இந்த நூலைக் கேட்டுப் பயனில்லை. 'இதில் தமிழ்ப் பாட்டு குறைவு, ஆகவே அன்று தமிழ்ப் பாட்டே குறைவு' என்று எழுதும் மாணவருக்கு இந்த ஒரு வரிக்காகவே மதிப்பெண் குறைப்பேன்.

மு. ஆபிரகாம் பண்டிதர். கருணாமிர்த சாகரம். தஞ்சாவூர், 1917.

சித்த மருத்துவரான பண்டிதர், ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஒரே வாதத்தைக் கட்டி எழுப்புகிறார். கர்நாடக இசையின் வேர் சிலப்பதிகாரம் சொல்லும் பழந்தமிழ் இசையில் இருக்கிறது என்பதும், ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 அல்ல, 24 என்பதும் அவர் நிலைப்பாடு. சார்ங்கதேவரை நேரடியாக மறுக்கிறார். 1916 பரோடா இசை மாநாட்டுக்கும் இந்த வாதத்தோடுதான் போனார்.

மூன்று முறை படித்தும் இந்நூலைப் பற்றி எனக்கு இரண்டு மனது. சுருதியைச் சமமாகப் பங்கிடும் அவர் முறை, பண்டைத் தமிழரைவிட ஐரோப்பியப் பியானோவுக்கே நெருக்கமாக இருக்கிறது என்ற ஐயம் எனக்கு உண்டு. கடல்கொண்ட நிலத்தைப் பற்றிய பக்கங்களை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் 'இது யாருடைய இசை?' என்ற கேள்வியைத் தமிழில், கணக்கோடும் உரையோடும், இவ்வளவு விரிவாக 1917இலேயே அவர் எழுப்பியிருக்கிறார். பழைய இசையைத் தெரிந்துகொள்ள அல்ல, 1917ஆம் ஆண்டைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த நூல் எனக்கு வேண்டும். ஒரே நூல் ஒரு கேள்விக்கு இரண்டாம் நிலை ஆதாரமாகவும் இன்னொன்றுக்கு முதல்நிலை ஆதாரமாகவும் ஆகும் என்பதற்கு வகுப்பில் நான் எப்போதும் காட்டும் உதாரணமும் இதுவே.

உ. வே. சாமிநாதையர். சங்கீத மும்மணிகள்.

கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரின் வரலாறு. முதலாமவர் உடையார்பாளையம் ஜமீனில் தமிழ்ப் பதங்கள் இயற்றியவர். சாமிநாதையரின் தந்தை அவரிடம் இசை பயின்றவர். மாயவரத்தில் பாரதியாரிடம் சாமிநாதையரே சிறிது காலம் பாடம் கேட்டிருக்கிறார்.

பழகியவர் எழுதிய எழுத்து இது. குருபக்தியும் குடும்பப் பாசமும் உள்ளவர் குறை சொல்ல மாட்டார் என்பதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் கதாகாலட்சேபம் வழியாக எப்படி ஊரூராகப் பரவின, ஜமீன்களில் தமிழ்ப் பதத்துக்கு என்ன மரியாதை இருந்தது என்பதற்கு இதைவிட அருகில் நின்று சொல்லும் சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

லட்சுமி சுப்பிரமணியன். ஃப்ரம் த தஞ்சோர் கோர்ட் டு த மெட்ராஸ் மியூசிக் அகாடமி. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ், 2006. (ஆங்கிலம்.)

தஞ்சை அரண்மனையிலிருந்து சென்னை சபாக்களுக்கு இசை இடம் பெயர்ந்த சமூக வரலாறு. படித்த நடுத்தர வர்க்கம் எதைச் 'செவ்வியல்' என்று தேர்ந்தெடுத்தது என்பதை விரிவாகக் காட்டுகிறது. கட்டுரையின் பின்னணிப் பகுதிக்கு இதையே நம்பியிருக்கிறேன். பார்வை முழுக்கச் சென்னையில் இருப்பது குறை.

அமண்டா வைட்மன். சிங்கிங் த கிளாசிக்கல், வாய்சிங் த மாடர்ன். டியூக் யுனிவர்சிட்டி பிரஸ், 2006. (ஆங்கிலம்.)

வயலின் கற்ற மானிடவியலாளர் எழுதியது. குரல், பெண், ஒலிப்பதிவு, மொழி என்று ஒவ்வொன்றாக எடுத்து, 'செவ்வியல்' என்ற கருத்து எப்படி உருவானது என்று கேட்கிறார். தமிழிசை இயக்கத்தைப் பற்றிய இயல்தான் எனக்கு முக்கியம். இசைக்கு மொழி தேவையா இல்லையா என்று இரு தரப்பும் சண்டையிட்டபோது, 'இசை' என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் இருந்தது என்பதை அங்கே தெளிவாக்குகிறார். கோட்பாட்டு நடை கடினம். முதல் இயலில் தடுக்கி விழுந்தவர்கள் நேராக அந்த இயலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். நான் அப்படித்தான் படித்தேன்.

யோஷிதகா தெராதா. டி. என். ராஜரத்தினம் பிள்ளையும் சாதிப் போட்டியும் பற்றிய கட்டுரை. எத்னோமியூசிகாலஜி, தொகுதி 44, இதழ் 3, 2000. (ஆங்கிலம்.)

நாகஸ்வரச் சக்கரவர்த்தியை முன்வைத்து இசை வேளாளர், பிராமணர் இடையிலான போட்டியைப் பேசுகிறது. நேரடியாகத் தமிழ்ப் பாட்டைப் பற்றியது அல்ல. ஆனால் மொழிச் சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் சாதி எவ்வளவு இருந்தது என்று யோசிக்க வைத்தது இதுதான். இதைப் படித்த பிறகு என் கேள்வியையே திருத்தி எழுதினேன்.

நந்தனார். திரைப்படம். ஜெமினி, 1942. நாயகன்: எம். எம். தண்டபாணி தேசிகர்.

திரைப்படம் ஆதாரமாகுமா என்று முணுமுணுப்பு எழும். எழட்டும். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம்; நடுவில் இந்தப் படம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சபாவில் கடைசி அரைமணியில் ஒதுங்கியிருந்த பாட்டைப் படம் முழுக்கக் கேட்க ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். தேவாரம் ஓதும் மரபில் வந்த தேசிகரின் குரல் அதற்குப் பொருந்தியது. ஆனால் எச்சரிக்கை: கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டுகளோடு அந்தக் காலத்துப் புதுப் பாட்டுகளும் கலந்திருக்கின்றன. எது யாருடையது என்று பிரிக்காமல் இதை எடுத்தாளக் கூடாது.

எழுதியவர் பெயரில்லாத இணையக் கட்டுரை ஒன்று. (விலக்கப்பட்டது.)

'1941க்கு முன் எந்த வித்வானும் மேடையில் தமிழ் பாடவில்லை' என்கிறது. ஆதாரம் எதுவும் தரவில்லை. முசிறி சுப்பிரமணிய ஐயரின் காம்போதி 'திருவடி சரணம்' ஒன்று போதும் இதை மறுக்க. அது கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டு, துக்கடா கனமும் அல்ல. விலக்கியதை ஏன் பட்டியலில் வைத்தேன் என்றால், என் முதல் வரைவில் இதே வாக்கியம் வேறு சொற்களில் இருந்தது.