உள்ளே மார்கழி

ஊரில் கோயில் கொடை முடிந்து சென்னைக்குக் கிளம்பினான் சுடலைமுத்து. அக்னி நட்சத்திரம். ராத்திரி எட்டரைக்கும் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அனல் அடித்தது. மெல்லிய அரைக்கைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஏசி பஸ் வந்து கதவு திறந்ததும் முகத்தில் விழுந்த குளிர்ச்சிக்கே கொடுத்த காசு தகும் என்று நினைத்தான்.

கங்கைகொண்டான் தாண்டும்வரை அப்படித்தான் நினைத்தான்.

தலைக்கு மேலே காற்று வருகிற துளைகள் இரண்டு. ஒன்றைத் திருகினான், மூடிக்கொண்டது. மற்றதில் திருகுகிற வளையமே இல்லை. காற்று நேராக உச்சந்தலையில் இறங்கியது. ஜன்னல் திரையை இழுத்துச் செருகிப் பார்த்தான், நிற்கவில்லை. டிக்கெட் தாளை நாலாக மடித்துத் திணித்தான். கோவில்பட்டி வேகத்தடையில் பஸ் ஏறி இறங்க, தாள் தெறித்து முன்சீட்டுக்காரர் வழுக்கையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி முயற்சி செய்யும் தைரியம் போய்விட்டது.

மடியில் அரைக்கிலோ அல்வா. டவுனில் வாங்கும்போது கை சுட்டது. ஆபீஸ் ஆட்களுக்கென்று வாங்கியதை இப்போது வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். சாத்தூர் வருமுன் அதுவும் ஆறிப்போயிற்று. பொட்டலத்தின் ஓரத்தில் கசிந்த நெய் வெள்ளையாக இறுகிக்கொண்டிருந்தது.

எழுந்து முன்னால் போனான். "போர்வையெல்லாம் வெளுக்கப் போயிருக்கு சார்" என்றான் கிளீனர். குளிரைக் குறைக்கச் சொன்னதற்கு, "எனக்கு இங்க வேர்த்து ஊத்துது" என்று டிரைவர் கழுத்துத் துண்டைத் தொட்டுக் காட்டினார். பொய்யில்லை, நனைந்துதான் இருந்தது.

மதுரை தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். இறங்கியதும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொண்டது. வெளியே காற்றில்லாத புழுக்கம். அவனுக்கு அது சொர்க்கம். டீ கிளாஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஹாரன் மூன்றாவது தடவை அடிக்கும்வரை ஏறவில்லை.

"தம்பி, நீ பல்லு அடிக்கிற சத்தத்துல எனக்கு உறக்கம் போச்சு" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். குரங்குக் குல்லா, அதற்கு மேல் துண்டு. கொளத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. "போத்திக்க ஒண்ணும் கொண்டாரலியா?"

"மே மாசம்லா அண்ணாச்சி..."

"மே மாசமெல்லாம் வெளியதாம்ல. உள்ள எப்பவும் மார்கழிதான். பையில வேட்டி இருக்கா?"

"கொடைக்குக் கட்டுனது இருக்கு."

"நாலு முழமா, எட்டு முழமா?"

"எட்டு."

"பொறவென்ன? ரெண்டா மடி. ஒரு முனையக் காலுக்கடியில சொருகு. மத்ததத் தலையோட இழுத்து விடு. காத மூடுல மொதல்ல, காதுதான் முக்கியம்."

வேட்டியில் மஞ்சளும் விபூதியும் மணத்தன. சமயபுரம் வந்ததோ உளுந்தூர்பேட்டை போனதோ தெரியாது. கிளாம்பாக்கத்தில் அண்ணாச்சி தட்டித்தான் எழுப்பினார்.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது மேலரத வீதி ஜவுளிக்கடையில் சால்வை கேட்டான். "யாருக்குத் தம்பி, கட்சிக்காரருக்கா? வாத்தியாரு ரிட்டையர்டா?" என்று பளபளவென்று சரிகைச் சால்வைகளை எடுத்துப் போட்டார் கடைக்காரர். போர்த்திக்கொண்டு உறங்க என்றதும் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பரணில் ஏணி போட்டு, தூசி தட்டி, தடித்த பழுப்புச் சால்வை ஒன்றை இறக்கினார்.

அம்மா கட்டிக்கொடுத்த அரிசி மூட்டை, வத்தல், தேங்காயோடு பையும் பஸ்ஸின் டிக்கிக்குள் போனது. சால்வை பைக்குள். தாழையூத்து தாண்டியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. நடுராத்திரியில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் கிளீனர் என்ன சொல்வான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கு அல்வாவும் வாங்கியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு சால்வை பைக்குள் போனதே இல்லை. தோளில் கிடக்கும். வண்ணார்பேட்டை வெயிலில் சால்வையோடு நிற்பவனைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் "காய்ச்சலா அண்ணே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவான்.

ஆவணியில் கல்யாணம். பேச்சியம்மாளை முதன்முதலாகச் சென்னைக்குக் கூட்டிப்போனான். ஷிபான் சேலை கட்டியிருந்தாள். கயத்தாறு வரை ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவள், முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள். பிறகு அவன் கழுத்துவரை ஏற்றியிருந்த சால்வையின் நுனியைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் கொண்டாந்தீயளா?"

சால்வை மொத்தமும் அந்தப் பக்கம் போனது. அவன் எழுந்து மேல் தட்டுப் பையில் துழாவினான். கல்யாணப் பட்டு வேட்டிதான் கையில் அகப்பட்டது. அதுவும் எட்டு முழம்தான்.