பசுவுக்கும் கடனுக்கும் நடுவில்: ஒட்டுசுட்டான் கறவைப் பசுத் திட்டத்தின் மாற்றக் கோட்பாடு, திருத்திய விவரணம்

என்ன செய்தால் என்ன மாற்றம் எப்படி வரும் என்று சொல்லும் இந்த விவரணம், முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பிரதேச செயலர் பிரிவில் முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய மூன்று கிராமங்களில் நாங்கள் நடத்தும் கறவைப் பசுத் திட்டத்துக்கு உரியது. நிதி விண்ணப்பம், ஆண்டறிக்கை, ஊழியர் பயிற்சி எல்லாவற்றிலும் இனி இதுவே செல்லும். பழைய விவரணம் இப்படி இருந்தது:

“பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குக் கறவைப் பசுக்களும் பயிற்சியும் வழங்குவதன் மூலம் அவர்களின் வருமானம் உயர்ந்து, நுண்கடன் சுமையிலிருந்து விடுபட்டு, வலுவூட்டப்பட்ட சமூகம் உருவாகும்.”

பசு வருமானமாவதற்கு என்ன நடக்க வேண்டும், வருமானம் கடனைத் தீர்ப்பதற்கு என்ன நடக்க வேண்டும் என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. முதற் கட்டத்தில் கொடுத்த 24 பசுக்களில் 9 பசுக்கள் ஒன்றரை வருடத்துக்குள் விற்கப்பட்டன. விற்றவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசினோம். பசு வேண்டாம் என்று ஒருவரும் விற்கவில்லை. கிழமைத் தவணை கேட்டு வாசலில் ஆள் நின்றபோது, வீட்டில் உடனே காசாகக் கூடியதாக அந்தப் பசு மட்டுமே இருந்தது. நாங்கள் எழுதாமல் விட்ட இடத்தில்தான் திட்டம் உடைந்தது. அந்தப் பெண்களைக் குறை சொல்லும் ஒரு வரியும் எங்கள் அறிக்கைகளில் இனி இடம்பெறக் கூடாது.

தொடக்க நிலை

2009 இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து மீளக் குடியேறியவர்களில் பலர் மாட்டுப்பட்டி முழுவதையும் இழந்திருந்தார்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், காயத்தோடு வாழும் கணவனைப் பராமரிப்பவர்கள் எனக் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் இங்கே பலர். வீடு கட்டவும், கிணறு திருத்தவும், பிள்ளையின் படிப்புக்கும் எளிதில் கிடைத்தது நுண்கடன். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். இந்தச் சுமை எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு, வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் தள்ளுபடித் திட்டமொன்றை அரசு 2018 இல் அறிவிக்க நேர்ந்ததே சாட்சி.

முதற் படி: பசுவுக்கு முன் கடன் கணக்கு

ஒரு குடும்பம் திட்டத்தில் சேர்ந்ததும் முதல் ஆறு மாதம் பசு கொடுக்கப்படாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கீழ் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சேமிப்புக் குழு அமையும். ஒவ்வொருவரும் தம் கடன்களை, வட்டியையும் தவணை நாளையும் சேர்த்து, ஒரே கொப்பியில் எழுதுவார்கள். அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்கக் குழுவின் சுழல் நிதி உதவும். அவசரத்துக்குக் குழுவிடம் காசு கிடைத்தால் புதுக் கடனுக்குப் போகும் தேவை குறையும். தவணை நெருக்குதல் குறைந்தால் பசு வீட்டில் நிற்கும். இதுவே காரணத் தொடர்.

இதன் கீழ் இரண்டு எடுகோள்கள் இருக்கின்றன. ஒன்று, பெண்கள் தம் கடன் முழுவதையும் அயலவர் முன் சொல்வார்கள் என்பது. இது பலவீனமான எடுகோள். கடன் இங்கே மானப் பிரச்சினை. ஆகவே கொப்பியைக் குழுவில் திறந்து வாசிக்கக் கேட்பதில்லை. எங்கள் களப் பணியாளர் தனியே இருந்து எழுத உதவுவார். மற்றது, சுழல் நிதியால் கடனை அடைத்தவர் மீண்டும் வெளியே கடன் எடுக்க மாட்டார் என்பது. இதற்கு எங்களிடம் இன்னும் சான்று இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொப்பியைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

இரண்டாம் படி: பசுவிலிருந்து பால்

ஆறு மாதம் தவறாமல் சேமித்த, தவணை நெருக்குதல் குறைந்த குடும்பத்துக்குச் சினைப்பசு வழங்கப்படும். கன்று ஈன்றதும் பால் வரும். ஆனால் பால் வருவது தீனியைப் பொறுத்தது. வன்னியில் தீனி போகத்தைப் பொறுத்தது. பெரும்போகத்தில் வயல் முழுவதும் நெல் நிற்கும். மாட்டை அவிழ்த்துவிட இடமில்லை. காட்டோரம் மேய்த்தால் யானைப் பயம். அறுவடை முடிந்த பின் தாள் வயலில் சில கிழமை மேய்ச்சல் உண்டு. பின்பு கோடை வந்து புல் காய்கிறது. எங்கள் பழைய பயிற்சி இந்த ஆண்டுச் சுற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஆகவே எடுகோளை வெளிப்படையாக எழுதுகிறோம்: குடும்பத்துக்குப் புல் வளர்க்கக் கால் ஏக்கராவது காணியும், கோடையிலும் வற்றாத கிணறும் உண்டு. இவை இரண்டும் இல்லாத வீட்டுக்குப் பசு கொடுத்தால் சுமையையே கொடுக்கிறோம். அத்தகைய வீட்டுக்கு ஊர்க்கோழி வளர்ப்போ வேறு தொழிலோ பேசித் தெரிவுசெய்யப்படும்.

கொட்டகையும் நிபந்தனை. 2022 டிசம்பரில் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகள் விறைத்து இறந்ததை இங்கே எவரும் மறக்கவில்லை. மழையும் வாடைக்காற்றும் படாத கொட்டகை முடிந்த பிறகே பசு வரும்.

கன்று ஈன்று சில மாதத்துக்குள் பசு மீண்டும் சினைப்படாவிட்டால் அடுத்த பால் காலம் தள்ளிப்போகும்; வருமானம் இல்லாத இடைவெளி நீளும். இது கால்நடை வைத்திய அலுவலகத்தின் சினைப்படுத்தல் சேவை உரிய நேரத்தில் வருவதைப் பொறுத்தது. அந்தச் சேவை எங்கள் கையில் இல்லை. வராத நாட்களைப் பதிவுசெய்து பிரதேச செயலகக் கூட்டத்தில் வைப்பதே எங்களால் ஆகும்.

மூன்றாம் படி: பாலிலிருந்து அவள் கைக் காசு

பால் சேகரிப்பு நிலையம் 15 நாளுக்கு ஒரு முறை காசு கொடுக்கிறது. கடன்காரர் கிழமைக்கு ஒரு முறை வருகிறார். இந்த எளிய முரணை நாங்கள் முன்பு கவனிக்கவில்லை. இடைப்பட்ட கிழமைக்குக் குழுச் சேமிப்பிலிருந்து முற்பணம் பெறலாம் என்பது இப்போதைய ஏற்பாடு.

காசு பெண்ணின் வங்கிக் கணக்கில் விழுந்தால் செலவை அவள் தீர்மானிப்பாள் என்பது இன்னொரு எடுகோள். கணக்கு அவள் பெயரில் இருந்தும் புத்தகம் சகோதரனிடமோ மாமனாரிடமோ இருந்த வீடுகளைக் கண்டிருக்கிறோம். எனவே “கணக்கு யார் பெயரில்” என்று மட்டும் கேட்காமல், “கடைசியாகப் பால் காசில் என்ன வாங்கினீர்கள், அதை யார் முடிவெடுத்தது” என்று கேட்போம்.

பசு அவளுடைய வேலைநாளையும் நீட்டுகிறது. அந்தச் சுமை மூத்த மகள் மேல் இறங்கி அவள் பாடசாலைக்குப் பிந்தினால், அது திட்டம் செய்த தீங்கு. அதையும் கேட்டு எழுதுவோம்.

எங்கள் பொறுப்பின் எல்லை

மூன்று ஆண்டு முடிவில், சேர்ந்த குடும்பங்களின் வெளிக் கடன் குறைந்திருக்க வேண்டும், பசு வீட்டில் நிற்க வேண்டும், பால் காசின் செலவை அந்தப் பெண் முடிவெடுக்க வேண்டும். இவற்றுக்கு நாங்கள் பொறுப்பு. “வலுவூட்டப்பட்ட சமூகம்” என்ற சொல்லை நீக்கிவிட்டோம். காணி விடுவிப்பும் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான நீதியும் பசுவால் வருபவை அல்ல. அவற்றுக்காக வீதியில் நிற்கும் தாய்மாரின் போராட்டத்தை எங்கள் திட்டத்தின் பயன் போலக் காட்டும் உரிமை எங்களுக்கு இல்லை.

ஒவ்வொரு ஆண்டும் அறுவடை முடிந்து பங்குனியில் இந்த விவரணம் மூன்று கிராமங்களிலும் சத்தமாக வாசிக்கப்படும். எந்த எடுகோள் பொய்த்தது என்பதைக் குழுப் பெண்களே முதலில் சொல்வார்கள். ஓர் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குப் பசுக்கள் கடனுக்காக விற்கப்பட்டால், அடுத்த தொகுதிப் பசுக்களை வாங்குவது நிறுத்தப்பட்டு முதற் படி மீண்டும் எழுதப்படும்.