பிஎஃப் பிடித்தத்துக்கும் பாஸ்புக்குக்கும் உள்ள வித்தியாசம்: ஏப்ரல் முதல் ஜூலை 2025 வரை

திருப்பூர்
3.9.2025

பெறுநர்
சம்பளப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தையல் பிரிவு நான்காம் லைனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பணியாளர் எண் 2187. என் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் தொகை முழுதும் என் கணக்கில் ஏறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்புக்கையும் நாலு மாதச் சம்பளச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

ஏப்ரலில் ஊதிய உயர்வு வந்த பிறகு என் அடிப்படைச் சம்பளம் 11,000, பஞ்சப்படி 2,600, ஆக 13,600 ரூபாய். வீட்டு வாடகைப்படியை இதில் சேர்க்கவில்லை. 12 சதவீதம் 1,632 வருகிறது. சீட்டிலும் அதுவே பிடிக்கப்பட்டிருக்கிறது. அது சரி. ஆனால் பாஸ்புக்கில் ஏப்ரல், மே, ஜூலை மாதங்களுக்குச் சம்பளம் 12,400, என் பங்கு 1,488 என்று இருக்கிறது. 12,400 என்பது மார்ச் வரை நான் வாங்கிய சம்பளம். உயர்வு சீட்டில் ஏறி, ஈசிஆரில் ஏறாமல் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். மாதம் 144 வீதம் மூன்று மாதத்துக்கு 432 ரூபாய் குறைகிறது.

ஜூன் கணக்கு வேறு. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். 28 நாளுக்கு அடிப்படை 10,267, பஞ்சப்படி 2,427, மொத்தம் 12,694 என்று சீட்டிலேயே இருக்கிறது. அதற்கு பிஎஃப் 1,523தான். பிடித்ததோ வழக்கமான 1,632. பாஸ்புக்கில் ஏறியது 1,389. ஆக 109 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள், 134 ரூபாய் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள்.

நாலு மாதத்தில் பிடித்தது 6,528, கணக்கில் ஏறியது 5,853, வித்தியாசம் 675. இதில் 109 எனக்குக் கையில் வர வேண்டியது, 566 என் கணக்கில் சேர வேண்டியது.

நிறுவனத்தின் பங்கும் இதே அளவு, 566 ரூபாய், குறைகிறது. முழு மாதத்தில் 13,600க்கு 8.33 சதவீதப்படி ஓய்வூதியத்துக்கு 1,133, பிஎஃப்புக்கு 499 போயிருக்க வேண்டும். போனது 1,033, 455. ஜூனில் 1,057, 466 போக வேண்டியதற்கு 964, 425. தொகை சின்னதுதான். ஆனால் ஓய்வூதியம் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியில் கணக்கிடப்படுவதால், பதிவில் சம்பளமே குறைவாக நிற்பதுதான் எனக்குக் கவலை.

எனவே குறையும் தொகையை இரண்டு பங்குக்கும் அரியராகக் கட்டி, பதிவான சம்பளத்தையும் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமதத்துக்கான வட்டி எதுவும் என் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது. 109 ரூபாயை செப்டம்பர் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் மாதத்துக்கான தொகையை 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியிருப்பதால், அதற்கு முன் ஈசிஆரில் என் பெயருக்கு நேரே 13,600 இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், ஏப்ரலில் எங்கள் லைனில் இன்னும் ஆறு பேருக்கு உயர்வு வந்தது. அவர்களில் சிலருக்கு பாஸ்புக் பார்க்கத் தெரியாது. அவர்கள் கணக்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

நாலு சம்பளச் சீட்டு, பாஸ்புக் பக்கம், ஊதிய உயர்வுக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். கணக்கில் என் பக்கம் பிழை இருந்தால் சொல்லுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் நேரில் வருகிறேன். செப்டம்பர் 12ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
செ. மாலதி