ஃபீல்டு ஆளுங்களுக்கு சேஃப்டி பூட்ஸ், மழைக்கோட்டு அலவன்ஸ் கேட்டு

9 அக்டோபர் 2025

சேகர் சார், வணக்கம்.

போன வாரம் டூல்பாக்ஸ் மீட்டிங் முடிஞ்சு லாரில ஏறும்போது நீங்க "என்ன வேணும்னு எழுதிக் குடு முத்து, வாயால சொன்னா மேல நிக்காது"ன்னு சொன்னீங்கல்ல, அதான் எழுதறேன். இங்கிலீஷ்ல எழுதினா நான் சொல்ல வந்தது பாதி விட்டுப்போயிரும், அதனால தமிழ்லயே எழுதறேன் சார், மேல அனுப்பும்போது நீங்களே ரெண்டு வரில மாத்திக்குங்க.

விஷயம் இதுதான். நம்ம டீம் 17 பேர், புல் வெட்டறவங்க, மரக்கிளை கழிக்கறவங்க, கானு கழுவறவங்க எல்லாரும் சேத்து. இவங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு ஜோடி சேஃப்டி பூட்ஸும் ஒரு செட் மழைக்கோட்டும் கம்பெனி செலவுல வாங்கிக்கற மாதிரி ஒரு அலவன்ஸ் போட்டுக் குடுக்கணும். தீபாவளி லீவுக்கு முன்னாடி ஓகே ஆச்சுன்னா ரொம்ப நல்லது, ஏன்னா டிசம்பர் வந்துட்டா என்ன மழைன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப எப்படி நடக்குதுன்னா, புதுசா சேர்ற ஆளுக்கு ஸ்டோர்ல ஒரு ஜோடி குடுக்கறாங்க. அது 12 மாசம் வரணும்னு கணக்கு. அதுக்குள்ள கிழிஞ்சா அடுத்த ஜோடிக்கு 45 வெள்ளி சம்பளத்துல புடிக்கறாங்க. ஆபீஸ்ல இருக்கறவங்க பூட்ஸ் 12 மாசம் வரும் சார், ஏன் 5 வருஷம் கூட வரும். நம்ம ஆளுங்களோடது வராது. காலைல பனில ஈரம், பத்து மணிக்கு வெயில்ல காயும், மத்தியானம் மழைல திரும்ப ஊறும், சாயங்காலம் டார்ம்ல பேப்பர் திணிச்சு ஃபேனுக்கு முன்னாடி வெச்சாலும் காலைக்குள்ள உள்ள காயாது. இப்படி தினமும் ஊறி காஞ்சு ஊறி காஞ்சு, ஏழு எட்டு மாசத்துல அடிப்பக்க பசை விட்டுடுது. தேய்ஞ்சு போறத விட பசை விட்டுப் போறதுதான் அதிகம்.

செல்வத்தோட பூட்ஸ நேத்து கழட்டச் சொல்லிப் பாத்தேன். வலது காலு சோல் முன்பக்கம் வாயப் பொளந்துட்டு நிக்குது, உள்ள ரெண்டு விரல் விடலாம். அவரு சைக்கிள் டியூப் ஒட்டற பசை வாங்கி ரெண்டு தடவை ஒட்டியிருக்காரு, அது மேல கேபிள் டை போட்டு இறுக்கி வெச்சிருக்காரு, உள்ள சாக்ஸுக்கு மேல ஃபேர்பிரைஸ் பிளாஸ்டிக் பை. பூட்ஸக் கழட்டினா பாதம் வெள்ளையா சுருங்கி, விரல் இடுக்குல தோலு உரிஞ்சு கிடக்கு. ஏன்யா சொல்லலன்னு கேட்டா "இன்னும் நாலு மாசம் ஓட்டிட்டா 45 வெள்ளி மிச்சம்ண்ணே"ங்கறாரு. ஊருல அவரு பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸு கட்டற மாசம், நான் அதுக்கு மேல என்ன பேச?

ஆகஸ்ட்ல கனால் ஓரத்து சரிவுல ரஃபிக் வழுக்கி விழுந்து மூணு நாள் எம்சி போட்டாரே, அந்த ரிப்போர்ட்ல "ஈரமான புல், கவனக்குறைவு"ன்னு எழுதியிருந்தோம், நானும்தான் சைன் போட்டேன். இப்ப யோசிச்சா அது முழுசும் சரியில்ல சார். அவரு பூட்ஸ் அடிப்பக்கம் மொட்டையா இருந்துச்சு, டயர் தேஞ்ச மாதிரி. தோள்ல பிரஷ்கட்டர மாட்டிட்டு அந்த சரிவுல நானா இருந்தாலும் விழுந்திருப்பேன். நல்லவேளை பிளேடு ஓடாம இருந்துச்சு. அந்த மூணு நாளும் அவரு வேலைய மத்தவங்க ஓவர்டைம் போட்டு செஞ்சாங்க, அந்த ஓவர்டைம் காசுல மட்டுமே மூணு ஜோடி பூட்ஸ் வந்திருக்கும்.

இன்னொண்ணு சைஸ். ஸ்டோர்ல எப்பவும் 8, 9 தான் கிடக்கு. ஆலமுக்கு 11 வேணும், சின்னத்தம்பிக்கு 6. சின்னத்தம்பி ரெண்டு சாக்ஸ் போட்டு 8 போடறாரு, ஏணில ஏறும்போது குதிகால் பூட்ஸ விட்டு மேல வருது. ஆலம் சொந்தக் காசுல முஸ்தபால வாங்கிட்டாரு, அதையும் கேக்காம வாங்கிட்டாரு, பில்லக் கூட வெச்சிருக்கல.

மழைக்கோட்டு கதை இதவிட மோசம். அது நம்மகிட்ட இல்லவே இல்ல. ஆளுங்க கருப்பு குப்பைப் பைல தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கறாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா அத மாட்டினா உள்ள போட்டிருக்கற ஆரஞ்சு வெஸ்ட்டு மொத்தமா மறைஞ்சிருது சார். ரோட்டு நடு டிவைடர்ல மழை நேரத்துல ஒரு ஆளு கருப்புப் பையோட குனிஞ்சு கிளை பொறுக்கிட்டு நின்னா வர்ற காருக்கு எப்படித் தெரியும்? போன மாசம் கிளையண்ட் பக்கத்துல இருந்து வந்த அந்த சேஃப்டி ஆளு இதத்தான் போட்டோ எடுத்துட்டுப் போனாரு. இதுவரை ஒண்ணும் வரல, ஆனா வந்தா நம்ம பேருலதான் வரும்.

இடி மின்னல் வந்தா வேலைய நிறுத்தறோம், அது சரி, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நான் சொல்றது இடி இல்லாத சாதா மழை, தூறல், மழை விட்ட பிறகு இருக்கற ஈரம். அந்த நேரம் வேலை ஓடிட்டேதான் இருக்கு, நிறுத்தினா ஷெட்யூல் நிக்காது. சிங்கப்பூர்ல சராசரியா வருஷத்துக்கு 171 நாள் மழை பெய்யுதுன்னு வானிலை ஆபீஸ் கணக்கு இருக்கு, கிட்டத்தட்ட ரெண்டு நாளுக்கு ஒரு நாள். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் விடியக்காலை அடிக்கற சுமத்ரா காத்து மழை இருக்கே, அதுல நனைஞ்சுட்டுத்தான் லாரில ஏறறாங்க, அந்த ஈரத்தோட சாயங்காலம் வரைக்கும் நிக்கறாங்க. மழைக்கோட்டு ஆடம்பரம் இல்ல சார், நம்ம தொழிலுக்கு அது யூனிஃபார்ம் மாதிரி.

காசு கணக்கு சொல்றேன். தேக்கா பக்கம் ரெண்டு கடை, சுங்கை காடுட்ல ஒரு கடை, மூணுலயும் விலை கேட்டேன். முன்னாடி ஸ்டீல் மூடி, அடியில ஆணி ஏறாத தகடு வெச்ச பூட்ஸ், ஈரத்துல பிடிக்கற சோலோட, 65 வெள்ளிக்குள்ள கிடைக்குது. தகடு கட்டாயம் வேணும், புல்லுக்குள்ள உடைஞ்ச பாட்டில் கிடக்கறது உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ரெண்டு ஜோடின்னா ஆளுக்கு 130, பதினேழு பேருக்கு 2,210 வெள்ளி. மழைக்கோட்டு, சட்டையும் பேண்ட்டும் தனித்தனியா, மின்னற பட்டையோட மஞ்சக் கலர்ல 28 வெள்ளி, பதினேழு பேருக்கு 476. கானுக்குள்ள இறங்கற அஞ்சு பேருக்கு முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் 25 வெள்ளின்னு 125. மொத்தம் 2,811 வெள்ளி. ஆளுக்கு மாசம் 14 வெள்ளி கூட ஆகல.

இதக் காசா சம்பளத்துல சேத்துக் குடுக்காதீங்க சார். இத நான் சொல்றது ஆளுங்களுக்குப் பிடிக்காது, ஆனா காசா வந்தா அது அன்னைக்கே ஊருக்குப் போயிரும், பழைய பூட்ஸே காலுல நிக்கும். வந்த புதுசுல நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். பில்லு கொண்டு வந்து, பழைய ஜோடிய என்கிட்ட காட்டி, நான் சைன் பண்ணினதும் கிளெய்ம் பண்ணட்டும். மிச்சம் வந்தா மிச்சம் கம்பெனிக்கு. கையில முன்பணம் இல்லாதவங்களுக்கு பெட்டி கேஷ்ல இருந்து குடுத்து நான் கூட்டிட்டுப் போய் வாங்கித் தர்றேன், ஞாயித்துக்கிழமை எப்படியும் எல்லாரும் தேக்கா பக்கம்தான் இருப்பாங்க. ஆலம் மாதிரி பெரிய காலுக்கு விலை கொஞ்சம் கூட ஆச்சுன்னா அந்த ஒரு பில்லுக்கு நீங்க தனியா ஓகே பண்ணிருங்க, அவரு காசுல இருந்து போடச் சொல்ல வேணாம். கடைல எதை வேணாலும் வாங்கிட்டு வந்துரக் கூடாதுன்னு, நாக்குப் பகுதில சேஃப்டி ஸ்டாண்டர்டு முத்திரை இருக்கற பூட்ஸ் மட்டும்தான்னு போர்டுல எழுதி ஒட்டிடறேன்.

அப்புறம் அந்த 45 வெள்ளி. இத யாரையும் மாட்டிவிட எழுதல, ஸ்டோர்ல இருக்கற அக்கா வெச்ச பழக்கமும் இல்ல, ரொம்ப நாளா அப்படியே வருது. ஆனா வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துல, பாதுகாப்புக்காக முதலாளி குடுக்க வேண்டிய பொருளுக்கு ஆளுங்க சம்பளத்துல புடிக்கக் கூடாதுன்னு இருக்கு. சேஃப்டி கோர்ஸ்ல எங்களுக்கு சொல்லிக்குடுத்ததே இதுதான். வெளில இருந்து யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நாமளே நிறுத்திட்டா நல்லதுன்னு தோணுது. இந்த வருஷம் புடிச்சது மொத்தம் ஆறு பேருக்கு, 270 வெள்ளி. திருப்பிக் குடுக்க முடிஞ்சா குடுங்க, செல்வம் அதுல இல்ல, அவருதான் வாங்கவே இல்லையே.

மொத்தமா இப்ப முடியலன்னா, முதல்ல மழைக்கோட்டும், ரொம்ப மோசமா இருக்கற ஏழு பேருக்கு பூட்ஸும் இந்த மாசமே குடுங்க, மத்தது ஜனவரில பாத்துக்கலாம். அந்த ஏழு பேரு பேரும் கால் சைஸும் தனி பேப்பர்ல எழுதி இதோட வெச்சிருக்கேன், செல்வம் பூட்ஸ் போட்டோவும் இருக்கு. கால் சைஸ் எல்லாம் நானே அட்டைல காலை வெச்சு கோடு போட்டு அளந்தது, ஆளுங்க சொல்ற சைஸ நம்பாதீங்க, பாதி பேருக்கு அவங்க சைஸே தெரியல.

வியாழன் அன்னைக்கு சாயங்காலம் நீங்க யார்டுக்கு வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன். பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா ரெண்டு கடை பூட்ஸும் சாம்பிள் வாங்கி வெச்சிருக்கேன், தண்ணி ஊத்தின சிமெண்ட் தரைல ரெண்டையும் போட்டு நடந்து பாருங்க, எது பிடிக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும். சாம்பிள் சைஸ் 9 தான், உங்க காலுக்கு சரியா இருக்கும்னு நினைக்கிறேன்.

இப்படிக்கு,
முத்துக்குமார்
ஃபீல்டு சூப்பர்வைசர்