தரக் கொள்கை

சொன்ன அளவில் செய்வோம்.
சொன்ன நாளில் கொடுப்போம்.
தப்பு நடந்தால் மறைக்க மாட்டோம்.
அதே தப்பை மறுபடி விட மாட்டோம்.

பம்ப் ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் கடைந்து, கிரைண்டிங் செய்து கொடுப்பது நம் தொழில். மேலே உள்ள நான்கு வரிகளும் எல்லா ஷிஃப்டுக்கும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட எல்லோருக்கும் பொருந்தும். வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டியதில்லை. தணிக்கையாளர் கேட்டால், உங்கள் மெஷினில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வார்த்தையில் சொன்னால் போதும்.

சொன்ன அளவு என்றால் டிராயிங்கில் உள்ள அளவு, ஆர்டரில் உள்ள நிபந்தனை, இந்தப் பொருளுக்குச் சட்டம் கேட்பது. மூன்றும்தான். பேரிங் உட்காரும் இடத்துக்கு 24.98 முதல் 25.00 மி.மீ. வரை என்று டிராயிங் சொல்கிறது, மைக்ரோமீட்டர் 25.01 காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான். ஆனால் பேரிங் இறுகும், சூடேறும், வாடிக்கையாளரின் பம்ப் நிற்கும். அந்த ஷாஃப்ட்டுக்குச் சிவப்பு டேக் கட்டித் தனியே வையுங்கள். மெஷினை நிறுத்துங்கள், அப்புறம் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். நிறுத்த யாருடைய அனுமதியும் வேண்டாம். அன்றைய உற்பத்தி குறைந்ததற்காக, நிறுத்தியவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அது என்னிடம் வரட்டும்.

இந்தக் கொள்கையிலிருந்து வரும் இந்த ஆண்டு இலக்குகள்:

- வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவது 1,000 உருப்படிக்கு 2-க்கு மேல் போகக் கூடாது.
- 100 டெலிவரியில் 97 ஒப்புக்கொண்ட நாளில் போய்ச் சேர வேண்டும்.
- புகாருக்கு 24 மணி நேரத்தில் முதல் பதில். 10 வேலை நாளில் மூல காரணமும் திருத்தமும்.
- திருத்தம் செய்து மூடிய புகார் அதே காரணத்தால் 6 மாதத்துக்குள் திரும்ப வரக் கூடாது. இதில் இலக்கு பூஜ்யம்.

ஒவ்வொன்றின் நிலவரமும் மாதாமாதம் ஷாப் ஃப்ளோர் பலகையில் ஒட்டப்படும். இலக்கு தவறிய மாதத்தின் எண்ணும் அப்படியே இருக்கும், அழிக்கக் கூடாது.

காலிபரேஷன் தேதி தாண்டிய கருவி எதுவும் உங்கள் கைக்கு வராமல் பார்ப்பதும், பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவதும் நிர்வாகத்தின் வேலை. அவசர ஆர்டர் என்று சொல்லிச் சோதனையைத் தாண்டி ஒரு உருப்படியையும் அனுப்பச் சொல்ல மாட்டேன். நானே சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

ஐஎஸ்ஓ 9001:2015 கேட்கும் தேவைகளை நிறைவேற்றுவதோடு, நம் தர மேலாண்மை முறையைத் தொடர்ந்து மேம்படுத்துவோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் நிர்வாக மறுஆய்வில் இந்தக் கொள்கை இன்னும் நம் தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம். பொருந்தாத வரியை மாற்றிப் புதிய பதிப்பு வெளியிடுவோம். பழைய பிரதி ஒன்றுகூடச் சுவரில் இருக்காது. வாடிக்கையாளரோ சப்ளையரோ கேட்டால் பிரதி கொடுக்கலாம்.

ஒப்பம்,
நிர்வாக இயக்குநர்

ஆவண எண்: த.கொ. 01, பதிப்பு 4