அப்பா வரைந்த வழிப்படம்: அத்தைக்கு விளக்கம்

அத்தை, நேற்று ராத்திரி அனுப்பிய போட்டோ அப்பா தன் கையால் வரைந்தது. முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது, படி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தங்கச்சி வருகிறாள், நான் போய்ப் பையை வாங்க முடியவில்லையே என்று இரண்டு நாளாக அதே பேச்சு. கடைசியில் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் உட்கார்ந்து வரைந்துவிட்டார். இதற்கு முன் நீங்கள் வந்தபோதெல்லாம் அவர் முன்னால் நடப்பார், நீங்கள் பேசிக்கொண்டே பின்னால் வருவீர்கள். அதனால் வழி உங்கள் மனசில் நின்றிருக்காது. எனக்கு அன்றைக்குக் காலை ஐந்து மணி ஷிப்ட். அம்மாவால் அவரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. அதனால்தான் படத்தை நிதானமாக விளக்கி எழுதுகிறேன். பேரனையும் பக்கத்தில் உட்காரவைத்து, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் படத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிவிடுகிறேன். உச்சியில் மூன்று நெளிநெளியான கோடு இருக்கிறது அல்லவா, அது கடல். அப்பா எதை வரைந்தாலும் கடலை மேலேதான் போடுவார். பேரன் போனில் பார்க்கும் மேப்பில் வடக்குதான் மேலே இருக்கும், ஆனால் இதில் மேலே இருப்பது கிழக்கு. இடது கைப்பக்கம் வடக்கு, எண்ணூர் போகும் திசை. வலது கைப்பக்கம் தெற்கு, நீங்கள் ரயிலில் வந்த திசை. இதை மறந்தால் முதல் திருப்பத்திலேயே குழம்பிவிடும். நீங்கள் வரும் ஆறரை மணிக்குச் சூரியனும் கடல் பக்கம்தான் இருக்கும். சந்தேகம் வந்தால், வெயில் அடிக்கும் பக்கம்தான் படத்தின் மேல்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருக்கும் எல்லாமே வழி கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். நடுவில் குறுக்காக ஓடும் நேர்கோடு தாள் மடித்த மடிப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் அது ஒரு தெரு மாதிரியே தெரிகிறது. வலப்பக்கம் இருக்கும் வட்டம் அப்பா டம்ளரை வைத்த காபிக் கறை, அங்கே ரவுண்டானா எதுவும் இல்லை. தாளுக்குப் பின்னாலிருந்து தலைகீழாகத் தெரியும் பெரிய 17 காலண்டர் தேதி. அதை வீட்டு எண் என்று நினைத்து யாரிடமும் விசாரிக்க வேண்டாம். கீழே இடது மூலையில் என் கட்டைவிரல் மறைத்துவிட்டது, அங்கே ஒரு மரம் வரைந்திருக்கிறார். அது முக்கியமான மரம், வழி சொல்லும்போது வருகிறேன்.

அப்புறம் இந்த ‘அடி’ கணக்கு. 180 அடி, 220 அடி என்று எழுதியிருக்கிறாரே, அது டேப்பில் அளக்கிற அடி இல்லை. அவருடைய காலடி. 31 வருஷம் வேலை முடிந்து இந்த வழியாகவே நடந்து வீட்டுக்கு வந்தவர், எண்ணி எண்ணி மனப்பாடம். அவர் எட்டு ஒன்று வைத்தால் ஏறக்குறைய இரண்டேகால் அடி வரும். 180 என்றால் சுமார் 125 மீட்டர். மொத்தமாகக் கூட்டினால் 500 காலடி, அதாவது 350 மீட்டருக்குள்தான். பையோடு மெதுவாக வந்தாலும் பத்து நிமிஷம். உங்கள் எட்டு அவருடையதைவிடச் சின்னது, அதனால் நீங்கள் எண்ணிக்கொண்டு வராதீர்கள், எண்ணிக்கை கூடத்தான் வரும். அடையாளத்தைப் பார்த்து நடந்தால் போதும்.

சரி, இப்போது வழி. எழும்பூரில் இறங்கியதும் பக்கத்திலேயே மெட்ரோ. ஒரே ஸ்டேஷன், சென்ட்ரல். அங்கே இறங்கி நீல லைனுக்கு மாறுங்கள். விம்கோ நகர் என்று போர்டில் போட்ட வண்டியில் ஏறுங்கள், வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிடும் வண்டியும் உண்டு. சென்ட்ரலிலிருந்து ஒன்பதாவது ஸ்டேஷன் நமக்கு. தண்டையார்பேட்டை வரைக்கும் பூமிக்கு அடியில் போகும், அதைத் தாண்டினால் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, அடுத்தது நம்முடையது. நீங்கள் கடைசியாக வந்தபோது இந்த ரயில் இல்லை, 2021 பிப்ரவரியில்தான் இந்தப் பக்கம் ஓட ஆரம்பித்தது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள் அத்தை. நாம் இறங்க வேண்டியது ‘திருவொற்றியூர் தேரடி’. அதற்கு அடுத்த ஸ்டேஷனின் பெயர் வெறும் ‘திருவொற்றியூர்’. ஊர் பெயர் வரட்டும், இறங்கலாம் என்று காத்திருந்தால் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய்விடுவீர்கள். ‘தேரடி’ என்று காதில் விழுந்ததும் எழுந்துவிடுங்கள். படத்தில் கட்டத்துக்குள் ‘மெ’ என்று எழுதியிருப்பது அந்த ஸ்டேஷன்தான். அதன் குறுக்கே இடம் வலமாக ஓடும் இரட்டைக் கோடு திருவொற்றியூர் நெடுஞ்சாலை, நாங்கள் டி.எச். ரோடு என்போம். அதற்குக் கீழே கோபுரம் மாதிரிப் போட்டிருப்பது தியாகராஜ சுவாமி கோயில். வடிவுடையம்மனைச் சாயந்திரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், காலையில் அந்தப் பக்கம் போக வேண்டாம். படி இறங்கி வெளியே வந்ததும் சன்னதித் தெரு உங்கள் முன்னால் இருந்தால், கோயில் பக்கம் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். திரும்ப ஏறி அடுத்த பக்கம் இறங்குங்கள், ரோட்டைக் குறுக்கே கடக்காதீர்கள். வண்டிகள் விடியற்காலையிலேயே வேகமாக வரும்.

கடல் பக்கம் இறங்கி, ரோட்டோரமாகவே இடது கைப்பக்கம் நடங்கள். படத்தில் இதற்கு 180. முடிவில் ‘இஸ்திரி வண்டி’ என்று எழுதியிருக்கிறார். நீங்கள் வரும்போது அந்த வண்டி இருக்காது, ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார். அப்பா வரைந்திருப்பது சாயங்காலத் தெரு. வேலை முடிந்து வீடு திரும்பும்போது கண்ணில் பட்டதெல்லாம்தான் அவருக்கு அடையாளம். மாவு மில் ஓடும் சத்தம், இஸ்திரி வண்டியின் கரி வாசனை, கோயில் விளக்கு. காலையில் அதே தெரு வேறு மாதிரி இருக்கும் என்பதை நேற்று நான் சொன்ன பிறகுதான் யோசித்தார். என் விரல் மறைத்த மரம் அந்த வண்டி நிற்கும் பூவரச மரம்தான். அது எப்போதும் அங்கேதான் இருக்கும். காலையில் அதன் அடியில் ஒரு அம்மா ஆப்பக்கடை போட்டிருப்பார். ஆப்பச் சட்டியும் தேங்காய்ப் பால் தூக்கும் தெரிந்தால் சரியான இடம்.

அந்த மரத்தில் வலது பக்கம் திரும்புங்கள். வெயில் நேராக முகத்தில் அடிக்கும், அதாவது கடலைப் பார்த்து நடக்கிறீர்கள். நுழைந்ததும் இடப்பக்கம் வட்டத்துக்குள் புள்ளி வைத்திருப்பது மாவு மில். காலையில் ஷட்டர் இறக்கியிருக்கும், ஆனாலும் மிளகாய்த்தூள் நெடி வாசலிலேயே இருக்கும். பேரனுக்குத் தும்மல் வந்தால் மில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து நேராக 220. வழியில் கறுப்பாகக் கிறுக்கியிருக்கிறாரே, அது மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளம். ஒரு பக்கம் மூடிவிட்டார்கள், இன்னொரு பக்கம் திறந்தே கிடக்கிறது. படத்தில் கிறுக்கல் வலப்பக்கம் இருக்கிறது, நீங்கள் இடப்பக்கச் சுவரை ஒட்டி வாருங்கள். இது ஒன்றை மட்டும் அவசரப்படாமல் தாண்டுங்கள் அத்தை.

220 முடியும் இடத்தில் முக்கோணமும் மேலே ஒரு கொடியும். அம்மன் கோயில், ஆள் உயரம்தான், வேப்ப மரத்தோடு ஒட்டி நிற்கும். அங்கே தெரு இரண்டாகப் பிரிகிறது. படத்தைப் பார்த்தால் இடது வழி அகலமாகவும் வலது வழி ஒற்றைக் கோடாகவும் தெரியும். நேரில் அதற்கு நேர்மாறு. வலதுதான் அகலத் தெரு, ஆட்டோ போகும், கண் தானாக அங்கேதான் போகும். இடது ஒரு சந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். நம் வீட்டுக்குப் போகிற வழி என்பதால் அப்பா அதைப் பெரிதாகப் போட்டுவிட்டார். இடது சந்துக்குள் வாருங்கள். தப்பித் தவறி வலது பக்கம் போய், கண்டெய்னர் லாரி வரிசை கண்ணில் பட்டால் எண்ணூர் விரைவுச் சாலை வரை போய்விட்டீர்கள். திரும்பி அம்மன் கோயிலுக்கே வந்துவிடுங்கள், வேறு குறுக்குவழி யார் சொன்னாலும் வேண்டாம்.

சந்துக்குள் ‘அ.ப. 40 அ.’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நானே முழித்தேன். அடிபம்பு, 40 அடி. பம்புக்கு இப்போது கைப்பிடி இல்லை, துணி காயப் போடுகிறார்கள், ஆனால் இரும்புத் தண்டு நிற்கிறது. அதில் வலது பக்கம் திரும்பி 60. இடப்பக்கம் மூன்றாவது வீடு, பச்சை கிரில் கேட், ஓரத்தில் முருங்கை மரம். கேட்டில் இரண்டு எண் இருக்கும். பழைய எண் 14, புதிய எண் 31. அப்பா படத்தில் 14 என்றுதான் போட்டிருக்கிறார், அவருக்கு இன்னும் அதுதான் வீட்டு எண். யாரையாவது கேட்க நேர்ந்தால் இரண்டையும் சொல்லுங்கள். பேரன் போனில் லொகேஷன் போட்டு வரலாமே என்று கேட்டான். போட்டால் அது நம் வீட்டுக்குப் பின்பக்கத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறது, நடுவே ஆள் உயர மதில். தேரடி வரை போனை நம்பலாம், அங்கிருந்து இந்தத் தாளை நம்புங்கள்.

கீழ் வீடு ஓனருடையது. மாடிப்படி வெளியே வலது பக்கம், செங்குத்தான படி, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. பையைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள், அம்மா வந்து எடுத்துக்கொள்வாள். தேரடியில் இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், காபிக்குப் பால் வைக்க வசதியாக இருக்கும். அப்பா ஐந்து மணிக்கே எழுந்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், எனக்குத் தெரியும். நீங்கள் தெருவில் வருவது தெரிந்தால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு படிவரைக்கும் வரப் பார்ப்பார். அதனால் கேட்டைத் திறக்கும்போதே கீழிருந்து குரல் கொடுத்து, அங்கேயே உட்காருங்கள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.